மேலிடத்தின் கணக்கும் தளத்தின் கணக்கும்

கப்பலூரிலிருந்து ஓர் உற்பத்தி மேலாளர்: ஐயா, மேலே கேட்கும் எண்ணிக்கையை மறுக்க முடியவில்லை, கீழே இருப்பவர்களால் இனித் தாங்கவும் முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு இரண்டையும் நினைத்துக்கொண்டே கிடக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, நான் ரப்பர் உதிரிபாகத் தொழிலில் ஷிஃப்டு மேற்பார்வையாளராகச் சேர்ந்து, ஆலைப் பொறுப்பாளராக ஓய்வுபெற்றுத் திருநகரில் இருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு மாதத்தை வைத்தே சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம்.

ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் பிரஸ்கள் எங்களிடம் ஆறு இருந்தன. அந்த அச்சான மோல்டு ஒன்றில் 20 குழிகள். ரப்பர் வேக ஏழு நிமிடம், எடுத்து மறுபடி அடுக்க மூன்று நிமிடம். ஆக மணிக்கு ஆறு முறை, ஒரு பிரஸுக்கு 120 துண்டுகள். நிர்வாக இயக்குநர் இதை எட்டு மணி நேரம், இரண்டு ஷிஃப்டு, ஆறு பிரஸ், 25 நாள் என்று பெருக்கி 2,88,000 என எழுதி வைத்திருந்தார். அந்த மாதத்து ஆர்டர் 2,60,000. "உங்கள் திறனில் பத்து சதவீதம் மிச்சமாகவே இருக்கிறது, பிறகு என்ன சிரமம்?" என்பது அவருடைய கேள்வி. அவர் கணக்கைப் பார்த்தால் அந்தக் கேள்வியில் தவறே கிடையாது.

தளத்தின் கணக்கு வேறு. சாப்பாட்டுக்கு அரை மணி, மோல்டு மாற்ற அரை மணி, மோல்டில் வைக்க வெட்டிய பச்சை ரப்பரான பிளாங்க் வந்து சேராமல் பிரஸ் திறந்தபடி நிற்பது ஒரு மணி நேரம் என்று எட்டில் ஆறு மணி நேரம்தான் பிரஸ் உண்மையாக ஓடும். அதிலும் நூற்றுக்கு ஐந்து ரிஜெக்‌ஷன். இப்படிப் பார்த்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,05,000 நல்ல துண்டுகள். இடைவெளி 55,000. இந்த 55,000 யாருடைய ஏட்டிலும் இருக்கவில்லை. என் தலைக்குள் மட்டும் இருந்தது. மேலே "பார்த்துக்கொள்கிறோம் சார்" என்றேன், கீழே "இந்த மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். இரண்டும் பொய் என்று எனக்குத் தெரிந்ததால்தான் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.

அந்த மாதம் இடைவெளியை ஓவர்டைமால் நிரப்பினேன். ஆளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 50 மணி நேரம். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பொதுவாக ஒரு காலாண்டுக்கே 50 மணி நேரம் என்றுதான் வரம்பு வைத்திருந்தது, கூலியும் இரட்டிப்பு. மூன்று மாத வரம்பை ஒரே மாதத்தில் தீர்த்துவிட்டேன் என்பது மாதக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. அது போதாதென்று, அசந்துபோன ஆள் பிரஸை ஒரு நிமிடம் முன்னதாகவே திறந்துவிடுவான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே நுண்துளைகள் இருக்கும். ஐந்தாக இருந்த ரிஜெக்‌ஷன் பதினொன்றாக ஏறியது. கூடுதலாக 55,000 எடுக்கப்போய் மொத்த உற்பத்தியில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 16,000 துண்டுகளை அதிகமாகக் கழிவுக் கூடையில் போட்டோம், அதுவும் இரட்டைக் கூலி கொடுத்து.

அடுத்த மாதமும் அதே எண்ணிக்கை வந்தது. இந்த முறை ஒரே தாளில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே மூன்று வரி சேர்த்தேன். பிளாங்க்குகளை முந்தின ஷிஃப்டிலேயே வெட்டி வைத்தால் ஷிஃப்டுக்கு 35 நிமிடம் மீளும். அதில் 20,000 வரும். இரண்டாவது, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் 30,000 துண்டுகள் பத்து நாள் தள்ளிப்போக வேண்டும். மிச்சம் 5,000, அதற்கு மாதத்தில் மூன்று நாள் மட்டும் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் போதும். பிறகு ஒரே கேள்வி: எந்த வாடிக்கையாளரைத் தள்ளலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

முடியாது என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரைக் காக்க வைப்பது என்ற முடிவு விற்பனைத் தலைவருக்கும் இயக்குநருக்கும் உரியது; அதைத் தளத்தில் நான் ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டிருந்தேன், ஆட்களின் தூக்கத்தைச் செலவழித்து. இயக்குநர் கோபப்பட்டார், ஒரு வாரம் பதிலே இல்லை. அந்த வாரம் நான் தூங்கினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் தூங்கினேன். பிறகு விற்பனைத் தலைவரே ஒரு வாடிக்கையாளரிடம் பேசித் தேதியை மாற்றினார். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பு இருந்ததாம். நாங்கள் கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை.

இலந்தைக்குளம் மென்பொருள் பூங்காவிலிருந்து ஒரு குழுத் தலைவர்: இவ்வளவு கணக்கு எதற்கு ஐயா? ஆள் கூட்டச் சொல்லிக் கேட்டால் போதுமே. மேலாளர்கள் அதைக் கேட்கவே அஞ்சுகிறார்கள் என்பதுதான் உண்மையான சிக்கல்.

அஞ்சுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானும் இரண்டு ஆண்டு அஞ்சினேன். ஆனால் எங்கள் தொழிலில் புதிய ஆள் பிரஸ்ஸில் தனியாக நிற்க ஆறு வாரமாவது ஆகும். அதுவரை அவருக்குக் கற்றுக்கொடுப்பவர் ஏற்கெனவே அசந்துபோயிருக்கும் அதே பழைய ஆள்தான். ஆகவே இந்த மாத நெருக்கடிக்கு ஆள் கேட்டால் இந்த மாதம் இன்னும் மோசமாகும். எண்ணிக்கை மூன்று நான்கு மாதம் தொடர்ந்து இப்படியே இருக்கும் என்று ஆர்டர் ஏடு காட்டினால் நீங்கள் சொல்வது சரி. அப்போது கேட்காமல் இருப்பதுதான் தவறு. எங்களுக்கும் பிரஸ் நின்றது ஆள் இல்லாததால் அல்ல, பிளாங்க் இல்லாததால். உங்கள் தொழிலில் அந்தப் பிளாங்க் எது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அனுப்பானடியிலிருந்து, தொழிற்பொறியியலில் ஓய்வுபெற்ற ஒருவர்: உங்கள் கணக்கில் குறை காணவில்லை. ஆனால் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் என்பதை மேலாளர் தன் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். பத்து நாளாவது நின்ற நேரத்தைக் காரணத்தோடு பிரஸ் வாரியாகக் குறித்திருக்க வேண்டும். இன்னொன்று, எழுதிக் கொடுப்பதையே எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. என் நண்பர் ஒருவர் இப்படித் தாள் நீட்டி மூன்று மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

முதலாவதை நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். இரண்டு வாரம் ஷிஃப்டு மேற்பார்வையாளர்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்துக் குறிக்கச் செய்த பிறகே அந்தத் தாளை எழுதினேன். குறிக்கும்போதுதான் எனக்கே பிளாங்க் ஒரு மணி நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்தது. அதுவரை மோல்டு மாற்றத்தையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கூட்டத்தில் பத்துப் பேர் நடுவே தாளை நீட்டக் கூடாது என்பது வரை தெரியும். முதலில் விற்பனைத் தலைவரைத் தனியே பார்த்து, "இந்தக் கணக்கில் எங்கே பிழை என்று பாருங்கள்" என்று கேட்டேன். அவர் ஒரு எண்ணைத் திருத்தினார். திருத்தியபின் அது அவருடைய தாளும் ஆகிவிட்டது. அப்படியும் இயக்குநர் வேறு மாதிரி மனிதராக இருந்திருந்தால் என் கதையும் உங்கள் நண்பர் கதைபோல முடிந்திருக்கலாம்.

தல்லாகுளத்திலிருந்து ஒரு செவிலியர் மேற்பார்வையாளர்: நானும் தூக்கம் வராமல் தவிக்கிறேன். வாரம் விட்டு வாரம் இரவுப் பணி. நீங்கள் என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

அம்மா, நான் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இங்கே பெயர் சொல்லமாட்டேன். உங்களுடையது இங்கே பேசும் சிக்கலிலிருந்து வேறுபட்டது. எங்கள் கவலை எங்களை எழுப்பியது. உங்களுக்கோ உடல் உறங்க நினைக்கும் நேரமே வாரா வாரம் மாறுகிறது. அதை உங்கள் மருத்துவமனை மருத்துவரிடமே காட்டுங்கள். பணிப்பட்டியல் உங்கள் கையில் இருந்தால், இரவுப் பணி முடிந்த மறுநாளே காலைப் பணி வராதபடி உங்களுக்கும் உங்கள் செவிலியர்களுக்கும் போட முடிகிறதா என்று பாருங்கள்.

மீண்டும் கப்பலூர் மேலாளர்: தாள் எழுதி முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்கிறீர்கள். அதுவரை இரவு மூன்று மணிக்கு என்ன செய்வது?

எனக்கு உதவியவற்றை மட்டும் சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கைப்பேசியோடு சேர்த்துக் கூடத்தில் வைத்துவிடுவேன். 2018இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். அது படுத்தவுடன் உறங்குவதைப் பற்றியது; மூன்று மணி விழிப்பைப் பற்றி அது பேசவில்லை. விழித்தால், ஏறத்தாழ 20 நிமிடம் புரண்டும் உறக்கம் வராதபோது எழுந்து வேறு அறையில் மங்கிய விளக்கில் உட்கார்ந்துவிட வேண்டும். கண் சொக்கும்போது திரும்பிப் படுக்கலாம். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இது முதல் வாரம் மிகவும் கடினமாக இருக்கும். ஆலை வாசலில் இரவு ஏழு மணிக்குக் குடிக்கும் தேநீரை விட்டதும் எனக்கு உதவியது; அதை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

வாரத்தில் மூன்று இரவாவது இப்படி இருந்து மூன்று மாதம் கடந்துவிட்டால் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலிடத்தைப் பற்றிய கவலை தாள் எழுதியதும் குறைந்தது. கீழே உள்ளவர்களைப் பற்றியது அப்படிக் குறையவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு கேட்ட ஒருவரை ஷிஃப்டுக்கு நிறுத்தி வைத்தேன். அதற்குத் தாள் எழுதிப் பயனில்லை. அவரிடம் போய் நான் செய்தது தவறு என்று சொன்னேன். "பரவாயில்லைங்க சார்" என்றார். பரவாயில்லை என்று அவர் முகம் சொல்லவில்லை.

திருமங்கலத்திலிருந்து ஒரு ஷிஃப்டு மேற்பார்வையாளர்: மேலே நடக்கும் பேச்சை எங்களிடம் மேலாளர் முழுவதும் சொல்ல வேண்டுமா, கூடாதா? சொன்னால் நாங்களும் கொஞ்சம் ஒத்துழைப்போம் அல்லவா?

எண்ணிக்கையையும் தேதியையும் முழுவதும் சொல்ல வேண்டும். 2,05,000 என்ற கணக்கை ஆட்களிடம் காட்டியபோதுதான், பிளாங்க் வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கியிருப்பதை அவர்கள் சொன்னார்கள். இயக்குநர் என்ன சொல்லித் திட்டினார் என்பதைச் சொல்வதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். சொன்னால் என் பாரம் இறங்கும், அவர்களுடையது ஏறும். ஆனால் என்னோடு இருந்த இன்னொரு மேலாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அவருடைய ஆட்கள் அவருக்காக ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். அது நல்லதா கெட்டதா என்று நாங்கள் இருவரும் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.