கரும்பைக் கண்டதும் டோங்காட்டா? படம் பார்த்து இடம் கணிப்போருக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜியோகெஸ்ஸர் போன்ற விளையாட்டுகளைப் பற்றியவை. தெருப்படம் ஒன்று வரும், அது எந்த இடம் என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 5 சுற்று, சுற்றுக்கு அதிகபட்சம் 5000 புள்ளி. புதிதாகத் தொடங்கியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிறேன். புள்ளி ஏறவே இல்லை. எப்படிப் பயிற்சி செய்வது? (வாசகர், ஃபீனிக்ஸ்)

ஆடுவதைக் குறைத்துவிட்டு, ஆடியதைத் திரும்பப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம் போதும். உலக வரைபடத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்காவை மட்டும் எடுங்கள். படத்துக்குள் நகராமல், சுற்றிப் பார்த்து மட்டும் கணிக்கும் முறையில் ஆடுங்கள். நகர முடிந்தால் ஊர்ப்பலகையைத் தேடி ஓடுவோமே தவிர மண்ணையும் மரத்தையும் பார்க்க மாட்டோம். சுற்றுக்கு 2 நிமிடம் என்றால் 10 நிமிடத்தில் ஆட்டம் முடியும். பிறகு 20 நிமிடம் அந்த ஐந்து இடங்களுக்கே திரும்பிப் போங்கள்.

வரைபடத்தில் குறி வைக்கும் முன்பே, 'இந்த இடம், இந்தக் காரணம்' என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். விடை தெரிந்தபின் எழுதினால் மனம் காரணத்தைச் சோடித்துவிடும். காரணம் தவறாக இருந்து இடம் மட்டும் சரியாக அமைந்தால், அதையும் தவறு என்றே கணக்கு வையுங்கள். தவறிய ஒவ்வொரு சுற்றிலிருந்தும் ஒரே ஒரு தடயத்தை மட்டும், முன்புறம் தடயம், பின்புறம் இடம் என்று ஓர் அட்டையில் ஏற்றுங்கள். அட்டையை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் தவறினாலும் அது மறுநாள் வரிசைக்கே திரும்ப வேண்டும். ஆன்கி என்ற செயலி இதுபோன்ற அட்டவணையைத் தானே பார்த்துக்கொள்ளும். காகித அட்டையும் நான்கு உறைகளும் இருந்தாலும் வேலை நடக்கும்.

கேள்வி: கரும்புத் தோட்டம் வந்தாலே ஸ்டேங்கர் அல்லது டோங்காட் என்று குறிக்கிறேன். நேற்று மலேலேன் என்று விடை வந்தது. இதை எப்படிப் பிரித்து அறிவது? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

கரும்பைக் கண்டால் நம்மவர் கை தானாக டர்பனுக்கு வடக்கே போய்விடுகிறது. மலேலேன் இருப்பதோ ம்புமலங்கா மாகாணத்தில், டோங்காட்டிலிருந்து நேர்கோட்டில் 450 கிலோமீட்டருக்கும் அப்பால். உலக வரைபடத்தில் ஆடியிருந்தால் இந்தத் தவறுக்கு 5000-இல் சுமார் 1300 புள்ளி போகும். ஒரே நாட்டு வரைபடத்தில் இழப்பு இன்னும் அதிகம்.

நீங்கள் அனுப்பிய விவரத்தையே எடுத்துக்கொள்வோம்: இருபுறமும் கரும்பு, சாலை ஓரத்தில் மஞ்சள் கோடு, தொலைவில் மலை, வயலில் நீர் தெளிக்கும் குழாய்கள், உழாத இடத்தில் முள்மரங்கள். கரும்பும் மஞ்சள் கோடும் இரண்டு ஊருக்கும் பொது. ஆகவே அவை எதையும் பிரித்துக் காட்டாது. நீங்கள் எழுதிய காரணமோ 'கரும்பு' என்ற ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது மற்ற மூன்றும்.

டர்பனுக்கு வடக்கே கடலோரக் கரும்பு பெரும்பாலும் மழையை நம்பியது. நிலம் அலை அலையாக ஏறி இறங்கும், கரும்பும் கூடவே மேட்டில் ஏறும். பயிரிடாத இடுக்குகளில் அடர்ந்த பச்சைப் புதர், இடையிடையே காட்டு வாழை. மலேலேன் பக்கம் மழை குறைவு. அங்கே முதலை ஆற்றின் பள்ளத்தாக்கில் பாசன நீர் பாய்ச்சித்தான் கரும்பு வளர்கிறது. எனவே வயல் தட்டையாக இருக்கும், குழாயும் தெளிப்பானும் கண்ணில் படும். பாசனம் எட்டாத இடம் உடனே வறண்ட முள்காடாகிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குரூகர் பூங்கா என்பதை நினைவில் வைத்தால் இந்த வறட்சி மறக்காது. சுருக்கமாக, கரும்பைப் பார்க்காதீர்கள். கரும்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைப் பாருங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. குவாசூலு-நேட்டாலின் வடகோடியில் பொங்கோலாவிலும் பாசனக் கரும்புதான். எஸ்வாட்டினியிலும் அப்படியே, அங்கும் வண்டிகள் இடப்பக்கமே ஓடும். ஆகவே 'தட்டை நிலம், குழாய், முள்மரம்' என்ற அட்டையின் பின்புறத்தில் மலேலேன், பொங்கோலா, எஸ்வாட்டினி என்று மூன்றையும் எழுதுங்கள். இந்த மூன்றுக்குள் பிரிக்க, தொலைபேசி எண்ணைத் தேடுவதே எளிது: மலேலேனுக்கு 013, பொங்கோலாவுக்கு 034, எஸ்வாட்டினிக்கு 268.

கேள்வி: தொலைபேசிக் குறியீடுகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேண்டாம். இரண்டாம் இலக்கத்தை மட்டும் முதல் வாரத்தில் படியுங்கள். 01 என்றால் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா முதல் வடக்கு முழுவதும். 02 மேற்குக் கேப், 03 நம் குவாசூலு-நேட்டால் மாகாணம், 04 கிழக்குக் கேப், 05 ஃப்ரீ ஸ்டேட்டும் வடக்குக் கேப்பும். விதிவிலக்குகளில் இரண்டை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: 044 ஜார்ஜ் நகரப் பக்கம், அது மேற்குக் கேப்பில் உள்ளது, 027 ஸ்பிரிங்பாக் பக்கம், அது வடக்குக் கேப்பில் உள்ளது. உங்கள் 033, டர்பனின் 031 ஆகியவற்றுக்கு அட்டை தேவையில்லை.

புதியவர்கள் சறுக்குவது கைபேசி எண்ணில். 06, 07, 08 என்று தொடங்கினால் ஊரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. குழாய் பழுதுபார்ப்பவரின் சுவர் விளம்பரத்தில் 083 கண்டால் மகிழ வேண்டாம். கடைப் பெயர்ப்பலகையிலும் வண்டியின் பக்கவாட்டிலும் 0-வுக்கு அடுத்து 1 முதல் 5 வரை வரும் எண்ணையே தேடுங்கள்.

கேள்வி: அட்டையில் பார்த்தால் உடனே சொல்கிறேன், ஆட்டத்தில் வந்தால் தெரியவில்லை. ஏன்? (கல்லூரி மாணவி, டர்பன்)

நீங்கள் மனப்பாடம் செய்தது அந்த ஒரு படத்தை, தடயத்தை அல்ல. மேகத்தின் வடிவத்தையோ ஓரத்தில் நிற்கும் வெள்ளை வண்டியையோ கண் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தடயத்துக்கு மூன்று இடங்களின் படங்களை வைத்து மாற்றி மாற்றிக் காட்டுங்கள்.

அவை வெவ்வேறு பருவத்தில் எடுத்தவையாகவும் இருக்கட்டும். ஃப்ரீ ஸ்டேட் சமவெளி ஜனவரியில் பச்சை, ஜூலையில் வைக்கோல் நிறம். கேப் டவுனுக்குக் கிழக்கே உள்ள கோதுமை நிலங்களில் இது தலைகீழ். அங்கே குளிர்காலத்தில்தான் மழை, ஆகஸ்டில் பச்சையாக இருக்கும், ஜனவரியில் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும். ஒரு பருவப் படத்தை மட்டும் வைத்துப் படித்தவர் இரண்டையும் மாற்றிக் குறிப்பார். ஆட்டம் முடிந்ததும் அந்த இடத்தை கூகுள் வரைபடத்தில் திறந்தால் படம் எடுத்த மாதமும் ஆண்டும் தெரியும். அட்டையின் பின்புறம் அந்த மாதத்தையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: படம் எடுத்த காரை வைத்தே நாட்டைச் சொல்லலாம் என்கிறான் என் தம்பி. அதையும் படிக்கலாமா? (வாசகர், லெனேசியா)

உண்மைதான். கென்யாவில் காரின் காற்றுக்குழாய் படத்தில் தெரியும், கானாவில் கூரைக் கம்பியில் கறுப்பு நாடா சுற்றியிருக்கும். ஆனால் கூகுள் புதிதாகப் படம் எடுத்துவிட்டால் இந்த அறிவு காலாவதியாகும். நாட்டுக்குள் எந்தப் பகுதி என்று கேட்டால் பெரும்பாலும் உதவாது. தம்பியோடு போட்டி போடும் நாளில் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.