கோணல் சிலாபுக்கு எவ்வளவு கான்கிரீட்? கேள்வி பதில்

நாலு பக்கமும் வேறு வேறு அளவு: வரிசையாக 6, 8, 9, 5 மீட்டர். கனம் 125 மி.மீ. எவ்வளவு கான்கிரீட் வேண்டும், சார்?

நாலு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பு வராது. மூலைவிட்டம் ஒன்றை அளந்து சொல்லுங்கள்.

அளந்தேன். 6-ம் 8-ம் சேரும் மூலைக்கு எதிரே 10 மீட்டர்.

இப்போது இரண்டு முக்கோணம் கிடைத்துவிட்டது. 6, 8, 10 செங்கோணம். அதன் பரப்பு 24 ச.மீ. மற்றது 9, 5, 10. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 12. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 3, 7, 2. 12×3×7×2 = 504, வர்க்கமூலம் 22.45. மொத்தம் 46.45 ச.மீ. 0.125-ஆல் பெருக்கினால் 5.81 கனமீட்டர். ஓரத்தில் பீம் தொங்கினால் சிலாபுக்குக் கீழே இருக்கும் பகுதியைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூலைவிட்டத்துக்குக் குறுக்கே தூண் கம்பி நிற்கிறது அண்ணா.

மற்ற மூலைவிட்டத்தை அளங்கள். டேப்பைக் கம்பியைச் சுற்றி வளைத்து மட்டும் இழுக்காதீர்கள்.

எதுக்கு இவ்வளவு? எதிரெதிர் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினால் முடிந்தது. நான் காலங்காலமாக இப்படித்தான் போடுகிறேன், குறைந்ததே இல்லை.

குறையாது மேஸ்திரி, அதுதான் சங்கதி. மூலைகள் செங்கோணமாக இருந்தால் உங்கள் கணக்கு சரி; இல்லாவிட்டால் கூடுதலாகத்தான் காட்டும். மேலே சொன்ன சிலாபுக்கு 7.5×6.5 = 48.75 ச.மீ., அதாவது 0.29 கனமீட்டர் அதிகம். அதே நாலு பக்கத்தை வைத்து மூலைவிட்டம் 12 ஆகும்படி சாய்த்தால் உண்மைப் பரப்பு 41.73-தான். உங்கள் கணக்கு அப்போதும் 48.75 என்றே சொல்லும்; 0.88 கனமீட்டர் மிச்சம்.

ஐயா, ஒரு பக்கம் வளைவாக வெளியே தள்ளியிருக்கிறது.

வளைவின் இரு முனைக்கும் நேராக நூல் கட்டுங்கள். ஒவ்வொரு மீட்டரிலும் நூலுக்குச் செங்குத்தாக வளைவு வரை அளங்கள். 0, 0.40, 0.55, 0.40, 0 என்று வந்தால் நடுவில் இரண்டு சரிவகம், ஓரங்களில் இரண்டு முக்கோணம்: 0.475 இரண்டு, 0.20 இரண்டு, மொத்தம் 1.35 ச.மீ. இது உண்மையைவிடச் சற்றுக் குறைவு, ஏனென்றால் வளைவின் புடைப்பு விட்டுப்போகிறது. அரை மீட்டருக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். விடை பெரிதாக மாறாவிட்டால் அதோடு விடுங்கள். அளவுகோல் சாய்ந்தால் எல்லாம் பெரிதாகிவிடும்.

5.81-ஐ 1.54-ஆல் பெருக்கணுமா?

ரெடிமிக்ஸ் என்றால் வேண்டாம். அது மணல், ஜல்லி, சிமெண்டை உலர்வாக அளப்பதற்கு.

எத்தனை மூட்டை சிமெண்ட்?

கலவை விகிதம் தெரியாமல் சொல்ல முடியாது. அது வேறு கேள்வி.

எங்கள் சிலாப் 7, 7, 10, 6. எவ்வளவு வரும்?

மூலைவிட்டம்!

மேஸ்திரிதான் பேசுகிறேன். பாதியில் கான்கிரீட் தீர்ந்தால் ஜாயிண்ட் விழும். அதனால்தான் கூடுதலாகப் போடுகிறேன்.

பயம் நியாயம்தான். ஆனால் கூடுதல் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாதே! சரியான அளவைப் போட்டு, அதற்கு மேல் சேதாரம் சேருங்கள். நான் 3 சதவீதம் வைப்பேன்.

3 பத்தாது சார். சென்ட்ரிங் தொய்ந்தால் 5-கூடப் போகும்.

தொய்கிற சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுங்கள், சதவீதம் கொடுக்காதீர்கள்.

சொல்வது எளிது. சிலாபின் கனத்தைக் கம்பி வைத்துக் குத்திப் பாருங்கள், எங்காவது 125-ஆகவே இருக்கிறதா என்று.