"உலகத்தரம்" என்பதற்குப் பதில் என்ன எழுதுவது?

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன் பாட்டில் செய்து விற்கிறோம். நோக்க அறிக்கையில் "உலகத்தரம்", "விவசாயி நலன்" என்று இருக்கிறது. எப்படி மாற்றுவது?

பதில்: தவறினால் வாங்குபவரே கண்டுபிடிக்கும்படி எழுதுங்கள். தேனின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஏற்கெனவே உணவுப் பாதுகாப்பு விதி. அதையே வாக்குறுதியாக எழுதினால் நீங்கள் புதிதாக எதுவும் தரவில்லை. "19 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடைக்க மாட்டோம், அளந்த எண்ணும் தேதியும் லேபிளில் இருக்கும்" என்றால்தான் அது உங்கள் வாக்கு. ஆனால் நம்மூர் ரப்பர் மரத் தேனில் தண்ணீர் அதிகம். சென்ற சீசன் அளவுகளைப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள். சர்க்கரைப் பாகு கலந்திருப்பதை இந்த எண் காட்டாது, அதனால் "கலப்படமற்றது" என்பதை ஆய்வக அறிக்கை இல்லாமல் சேர்க்காதீர்கள்.

அப்புறம் "விவசாயி நலன்" என்பதற்குப் பதில்: "எடை போட்ட ஏழு நாளில் பணம்." தேன் கொடுத்தவரே சரிபார்ப்பார்.