குளிசையை விட்டு ஒரு மாதம் நல்லாத்தான் இருப்பார்கள்

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு, இரவில் ஒலான்சபின் போடுகிறான். அக்காவுக்கு பைபோலர், லித்தியம் போடுகிறா. இரண்டு பேரும் இப்போது சுகம். குளிசையை விடலாமா? வருத்தம் திரும்ப வருவதை முதலே எப்படிக் கண்டுபிடிப்பது?

வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் வேலை செய்கிறேன். குறைப்பதோ விடுவதோ டொக்டரோடு கதைத்து, மெதுமெதுவாகத்தான். நீங்களாக விட்டால் என்ன சிக்கல் என்றால், ஒலான்சபினை விட்ட கையோடு வருத்தம் திரும்பாது. பலருக்கு வாரங்கள், மாதங்கள் எடுக்கும். அதனால் வீட்டுக்காரர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

ஒரு பொடியன் காலையில் எழும்ப முடியவில்லை என்று அருவி வெட்டு நேரம் குளிசையை விட்டான். முதல் மாதம் உசாராக வயலுக்குப் போனான். தாய்க்குப் பெரிய சந்தோசம். அப்புறம் சாப்பாட்டுக் கோப்பையோடு கொட்டிலுக்குப் போய்த் தனியே சாப்பிடத் தொடங்கினான். குளிப்பு நின்றது. நடுச்சாமத்தில் படலையடியில் நின்று ரோட்டைப் பார்ப்பான். ஒருநாள், வரம்பில் நின்று இரண்டு பேர் கதைத்ததைப் பார்த்துவிட்டு, "அம்மா, அவை என்னைப் பற்றியே கதைக்கினம்?" என்று கேட்டான். தாய் அடுத்த நாளே கூட்டி வந்தா. குளிசையைத் திரும்பத் தொடங்கினோம், வாட்டில் நிற்பாட்டத் தேவைப்படவில்லை. குரல் கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். காலைத் தூக்கத்துக்கும் வழி இருந்தது: டொக்டர் குளிசையை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

அநேகமாக ஒவ்வொருவருக்கும் போனமுறை வந்த அடையாளங்களே திரும்பவும் வரும். தம்பிக்குப் போனமுறை முதலில் என்ன மாறியது என்று யோசித்து, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அக்காவுக்கு நித்திரையைப் பாருங்கள். மூன்று மணித்தியாலம் மட்டும் படுத்தும் களைப்பில்லாமல் எழும்பி முற்றம் கூட்டினால், வேகமாகக் கதைத்தால், கையிலுள்ள காசை வாரி இறைத்தால், இரண்டாம் நாளே கூட்டி வாருங்கள். நித்திரை முழிப்பே வருத்தத்தைக் கிளப்பவும் செய்யும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகட்டும், விடியும்வரை நிற்க விடவேண்டாம். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் வருத்தம் சில வாரங்களிலேயே மூர்க்கமாகத் திரும்பலாம்.

லித்தியத்தில் இன்னொன்று: வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ, மூட்டு வலிக்கு டைக்குளோபினாக், இபுபுரோபன் போட்டாலோ இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். வலிக்குப் பரசிற்றமோல் போதும், உப்பையும் திடீரென்று குறைக்கவேண்டாம். கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பார்க்க வெறியில் நிற்பவர் போலத்தான் இருக்கும், ஆகவே லித்தியம் போடுகிறவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இரத்தம் சோதிக்கும் நாளில் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு வரவேண்டாம். கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்தில் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.