திருடர்கள் என்று எழுதிய பையருக்குத் திங்கட்கிழமை போக வேண்டிய பதில்

உன் அம்மா நேற்று காலை தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து, "பிள்ளை ராத்திரி பூரா தூங்கல சார், வேலையை விட்டுறவான்னு கேக்குது, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என் முன்னால் உட்கார்ந்தார்கள். பி.காம். சேரும்போது உனக்கு வழி சொன்னவன் நான்தான் என்பதால் இதற்கும் நானே பொறுப்பு போலிருக்கிறது. உங்கள் கம்பெனியிடம் உறைந்த கணவாய் வாங்குகிற ஸ்பெயின் பையரின் மெயிலையும், நீ எழுதி வைத்திருந்த இரண்டு பதில்களையும் அம்மா போனில் காட்டினார்கள். (கம்பெனி மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கு அனுப்பாதே மா. அது தனிச் சங்கதி, அப்புறம் பேசுவோம்.)

அந்த ஆள் எழுதியதில் பாதி திட்டு. "நீங்கள் திருடர்கள், தண்ணீரை விற்றுப் பணம் பார்க்கிறீர்கள், இனி இந்த ஊரில் யாரும் உங்களிடம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறேன்." இதெல்லாம் தகவல் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த மெயிலில் இருக்கிற எண்களையும் கேள்விகளையும் மட்டும் அதில் இறக்கு. நான் செய்து பார்த்தேன், நாலே வரி வந்தது: கணவாய்ப் பை ஐந்தை உடைத்து ராத்திரி முழுக்க உருகவிட்டு நிறுத்தேன், நாலு பை 840-லிருந்து 860 கிராம் வரை, ஒன்று 790 கிராம், ஒரு கிலோவுக்கு 15 சதவீதம் குறைகிறது, முழு கன்டெய்னருக்கும் 15 சதவீதம் கழித்துக்கொள்வதாகத் திங்கள் மதியத்துக்குள் எழுதித் தா. நீ பதில் சொல்ல வேண்டியது இந்த நாலு வரிக்குத்தான்.

இப்போது உன் இரண்டு பதில்களுக்கு வருகிறேன். முதலாவது ராத்திரி பதினொன்றரைக்கு எழுதியது, அதில் "உங்களுக்கு நிறுக்கவே தெரியவில்லை" என்று இருக்கிறது. அவருக்கு நிறுக்கத் தெரியவில்லை என்பது ஏறக்குறைய உண்மைதான், ஆனால் அப்படி எழுதிய நிமிஷத்திலிருந்து பேச்சு எடையை விட்டு மரியாதைக்குப் போய்விடும், அதில் நீ ஜெயிக்கவே முடியாது, ஏனென்றால் பணம் அவர் கையில் இருக்கிறது. இரண்டாவது காலையில் எழுதியது. அதில் நாலு இடத்தில் 'வெரி சாரி சார்', ஒரு இடத்தில் 'எங்கள் தவறுதான்', கடைசியில் 'ஐந்து சதவீதம் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்'. இதுதான் எனக்கு அதிகப் பயம். கோபமாக எழுதியதற்கு முதலாளி ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம். தவறு எங்களுடையது என்று எழுத்தில் கொடுத்துவிட்டால், நாளைக்கு வழக்கு, சமரசம் என்று எங்கே போனாலும் அவர் முதலில் எடுத்து நீட்டுகிற தாள் அதுவாகத்தான் இருக்கும். அந்த ஐந்து சதவீதம் அதைவிட மோசம். டாக்குமென்டேஷனில் இருக்கிற உனக்கு விலையைக் குறைக்க அதிகாரமே கிடையாது. அவரும் ஐந்தில் நிற்க மாட்டார், பேரமே ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவில்தான் என்று எடுத்துக்கொள்வார், அடுத்த கன்டெய்னருக்கும் இதே மெயில் வரும்.

உன் அம்மா பாம்பன் கடைத்தெருவில் மீன் விற்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் வந்து "நாத்த மீனை வச்சிருக்கியே" என்று கத்துவான். அம்மா திருப்பிக் கத்தினதும் இல்லை, விலையைக் குறைத்ததும் இல்லை. செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நீ அனுப்ப வேண்டியதும் அந்த மாதிரி ஒரு மெயில்.

காட்டுவதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது? ஒப்பந்தத்தில் பை ஒன்று 1000 கிராம், அதில் கிளேஸ் 10 சதவீதம், கணவாய் 900 கிராம் என்று இருக்கிறது என்றாய். கிளேஸ் என்பது உறைந்த கணவாய் காற்றுப் பட்டு வறண்டு கெடாமலிருக்க மேலே போர்த்துகிற பனித் தோல். அதை எடுத்துவிட்டு 900 இருந்தால் நீங்கள் சொன்னதைக் கொடுத்துவிட்டீர்கள். ஆக அவர் 1000-லிருந்து கணக்குப் போட்டதே தப்பு. 900-லிருந்து பார்த்தால் 850 கிராம் பையில் குறைவது 50 கிராம், அதாவது ஐந்தரை சதவீதம்.

அந்த ஐம்பதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. கிளேஸ் போட்ட சரக்கின் நிகர எடையை முழுக்க உருகவிட்டு எடுக்கக் கூடாது. உறைந்த கடல் உணவுக்குச் சர்வதேச அளவில் கோடெக்ஸ் தரத்தில் முறை இருக்கிறது: ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சி, மேலே இருக்கிற பனி கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாமல் போகும் வரை கரைத்து, ஒட்டியிருக்கிற நீரைப் போக்கி, உள்ளே இன்னும் உறைந்திருக்கும்போதே நிறுக்க வேண்டும். ராத்திரி முழுக்க வைத்தால் பனி மட்டுமா போகும், கணவாயின் சதையிலிருந்தும் நீர் வடிந்துவிடும். அது கம்பெனி போடாமல் விட்ட எடை இல்லை.

ஆனால் அந்த 790 கிராம் பை இருக்கிறதே, அதை மட்டும் மறைக்கப் பார்க்காதே. மற்ற நாலு பையும் அதே மாதிரி உருகியவைதான், அவற்றை விட இது ஐம்பதிலிருந்து எழுபது கிராம் வரை குறைவு. பேக்கிங் மேசையில் ஒரு பை குறைந்து போவது நடக்கக்கூடியதுதான். அதை நீயே முதலில் எடுத்துச் சொன்னால் மற்ற நாலைப் பற்றி நீ சொல்வதை அவர் நம்புவார்.

ஆங்கிலத்தில் நீயே எழுதிக்கொள், பொருள் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் வெள்ளிக்கிழமை மெயிலைப் படித்து, அந்த லாட்டின் எடைப் பதிவுகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறோம். ஒப்பந்தப்படி பை ஒன்றில் கிளேஸ் நீங்கலாக 900 கிராம் கணவாய் இருக்க வேண்டும். குறைவை அந்த எடையிலிருந்துதான் கணக்கிட வேண்டும். நீங்கள் அனுப்பிய எடைகள் முழுவதும் உருகிய பின் எடுத்தவை என்பதால் சதையிலிருந்து வடிந்த நீரும் அவற்றில் கழிந்திருக்கிறது. 790 கிராம் இருந்த பையின் வித்தியாசத்தை இதை வைத்து மட்டும் எங்களால் விளக்க முடியவில்லை. அதன் மேலுள்ள லாட் எண், பேக்கிங் தேதி இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், எங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் புதன்கிழமைக்குள் சொல்கிறோம். 12,000 பைகளில் ஐந்தை வைத்து முழு இன்வாய்ஸிலும் 15 சதவீதம் கழிக்க எங்களால் ஒத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தின் கிளெய்ம் பிரிவுப்படி இருவருக்கும் சம்மதமான ஒரு சர்வேயரை வைத்து, கோடெக்ஸ் முறையில், உடைக்காத கார்ட்டன்களிலிருந்து மாதிரி எடுத்து நிறுப்போம். குறைவு என்று வந்தால் அந்த அளவுக்குக் கிரெடிட் நோட் தருகிறோம். அதுவரை மீதிக் கார்ட்டன்களை உடைக்காமல் மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

கவனித்தாயா, 'திருடர்கள்' என்ற சொல்லுக்கு இதில் பதிலே இல்லை. "உங்கள் வார்த்தைகள் எங்களைப் புண்படுத்தின" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதே. அவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் எழுதுவார், எடை நடுக்கடலில் நிற்கும். 'ஆனால்' என்ற சொல்லையும் 'ஏற்கெனவே சொன்னபடி' என்ற தொடரையும் தேடிப் பார்த்து எடுத்துவிடு, இரண்டிலும் பல் கடிக்கிற சத்தம் கேட்கும். இன்னொன்று, விலை ஏறியிருந்தபோது வாங்கி, கன்டெய்னர் போய்ச் சேருவதற்குள் விலை இறங்கிவிட்டால் இப்படிப் புகார் கிளப்புகிற பையர்கள் இந்தத் தொழிலில் உண்டு. உங்கள் மேனேஜரும் அதைத்தான் சந்தேகிக்கிறார் என்று அம்மா சொன்னார்கள். இருக்கலாம். மெயிலில் அதன் வாடை கூட வரக் கூடாது, நிரூபிக்க முடியாததை எழுதினால் நீயும் அவர் மாதிரியே ஆகிவிடுவாய்.

அவர் உங்கள் முதலாளியையும் நடுவிலிருந்த ஏஜென்டையும் சிசியில் போட்டிருக்கிறார். அவர்களை எடுத்துவிடாதே, குற்றச்சாட்டைப் படித்தவர்கள் பதிலையும் படிக்கட்டும். புதிதாக யாரையும் சேர்க்கவும் வேண்டாம்.

திங்கள் மதியம் என்று கெடு வைத்திருக்கிறார், வெள்ளி ராத்திரியிலிருந்து உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அது நல்லதில்லை, பம்முகிறார்கள் என்று நினைப்பார். அதனால் இன்றைக்கே இரண்டு வரி போகட்டும்: மெயில் கிடைத்தது, பதிவுகளைப் பார்க்கிறோம், திங்கள் உங்கள் நேரம் பகல் பன்னிரண்டுக்குள் விவரமாக எழுதுகிறோம். நம் நேரத்துக்கு அது மாலை மூன்றரையோ நாலரையோ ஆகும், கோடையா குளிர்காலமா என்பதைப் பொறுத்து, பார்த்துக்கொள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே அனுப்பிவிடு.

அதற்கும் அவர் கத்தினால்? இரண்டாவது மெயிலும் வெறும் திட்டாக வந்தால் முழுக்கதையையும் திரும்ப எழுதாதே. சர்வேயர் பெயருக்கும் லாட் படத்துக்கும் காத்திருக்கிறோம் என்று ஒரே வரி போதும். உன்னைப் பெயர் சொல்லி, ஆளாகத் திட்டினால் அதற்குப் பதில் எழுத வேண்டியது நீ இல்லை, மேனேஜர். அதை இப்போதே அவரிடம் கேட்டு வைத்துக்கொள். போனில் கூப்பிட்டுப் பேசினால் பேசு, வைத்ததும் பத்து நிமிஷத்துக்குள் "இப்போது பேசியதில் இன்னின்னது முடிவாயிற்று" என்று மெயில் போட்டுவிடு, இல்லாவிட்டால் நீ பத்து சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டதாக அவர் எழுதுவார்.

அப்புறம், கிரெடிட் நோட் தருகிறோம் என்றால் குறைந்த அளவுக்குப் பணத்தைக் கழித்துக்கொள்ள எழுதித் தருகிறோம் என்று அர்த்தம், அந்த ஒரு வாக்கியம் நீயோ நானோ எழுதக் கூடியதில்லை. நாளை காலை போனதும் மெயில் முழுவதையும் மேனேஜர் முன்னால் வைத்து, அந்த வரியை விரலால் காட்டி, முதலாளியிடம் சரி வாங்கித் தரச் சொல். அவர் வேண்டாம் என்றால் "சர்வே முடிவு வந்ததும் பேசுவோம்" என்று மாற்றிக்கொள், மற்றது எதையும் மாற்ற வேண்டியதில்லை.