முதுகில் போட்ட மருந்தும் இரவில் எண்ணிய மூச்சும்

அன்புள்ள டாக்டர்,

அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. முதுகில் போட்ட மயக்க ஊசியோடு துளி மார்ஃபினும் சேர்த்ததாகச் சொன்னார்கள். வலியே இல்லை. ஆனால் இரவு முழுக்க நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து அம்மாவை எழுப்பி மூச்சை எண்ணினார். விரலில் மாட்டிய கருவி 98 காட்டியும் விடவில்லை. அம்மா தூக்க மாத்திரை கேட்டதற்குத் தர மறுத்துவிட்டார். முதுகுக்குள் போட்ட மருந்துக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

மாலதி

அன்புள்ள மாலதி,

அந்த நர்ஸ் செய்தது அத்தனையும் சரி. ஒரு மயக்க மருத்துவராக, அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

முட்டியிலிருந்து வரும் வலி நரம்பு, தண்டுவடத்தின் பின்பக்கத்தில் முடிகிறது. அங்கே ஒரு சிறு இடைவெளி. அதைத் தாண்டினால்தான் செய்தி மூளைக்குப் போகும். நரம்பின் நுனிக்குள் கால்சியம் நுழைந்தால், அது ஒரு ரசாயனத்தைக் கக்கி அடுத்த செல்லை எழுப்பும். அந்த நுனியிலும் அடுத்த செல்லிலும் மியூ என்ற ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. மார்ஃபின் அவற்றில் ஒட்டியதும் நுனியில் கால்சியத்துக்கான கதவு மூடிக்கொள்கிறது. அடுத்த செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறி அது எளிதில் எழாத நிலைக்குப் போகிறது. முட்டியில் காயம் அப்படியே இருக்கும், செய்தி மட்டும் மேலே போகாது. மருந்தை அந்த இடத்தைச் சூழ்ந்த திரவத்திலேயே விடுவதால் 0.1 மில்லிகிராம் அளவே போதும். ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் பல மில்லிகிராம் வேண்டியிருக்கும்.

இதே மியூ ஏற்பிகள் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலும் இருக்கின்றன. அங்கே ப்ரீ-போட்சிங்கர் என்று ஒரு சின்ன நரம்புக்கூட்டம் உண்டு. அதன் செல்கள் சேர்ந்தாற்போல் துடிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு மூச்சை இழுக்கிறோம். மார்ஃபின் அங்கேயும் செல்களை அடக்கும். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீளும். கூடவே, கார்பன் டை ஆக்சைடு ஏறினால் வேகமாக மூச்சு விடத் தூண்டும் உணர்வும் மழுங்கிவிடும். அதனால் நோயாளி திணறமாட்டார், அமைதியாகத் தூங்குவதுபோலவே இருப்பார். எனக்கு இதில் பயமே அதுதான். மியூ ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தால் வலியும் அடங்குவதில்லை, மூச்சும் குறைவதில்லை. இரண்டுக்கும் ஒரே ஏற்பிதான் காரணம்.

சரி, முதுகில் போட்டது முகுளத்துக்கு எப்படிப் போனது? மார்ஃபின் கொழுப்பில் எளிதில் கரையாது. ஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்து எளிதில் கரையும், அதனால் அது போட்ட இடத்திலேயே ஊறி, சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். மார்ஃபின் தண்டுவடத் திரவத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல மேலே போகும். மூச்சு குறைவதென்றால் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான். காலையில் போட்டால் சாயங்காலமோ ராத்திரியோ. 24 மணி நேரம் கண்காணிப்பது அதற்காகத்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு இரவு இதை நேரில் பார்த்தேன். நோயாளிக்கு முகமூடி வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது, கருவியில் 98. நர்ஸ் நெஞ்சில் கை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். 6 மூச்சுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. தோளை அழுத்தித் தட்டியதும் முனகினார். கண்மணிகள் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தன. கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும்போது மூச்சு பாதியாகக் குறைந்தாலும் அந்தக் கருவி வெகுநேரம் நல்ல எண்ணையே காட்டும். ஏறிக்கொண்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதற்குத் தெரியாது. நாலாக்சோன் என்ற முறிவு மருந்தை 0.04 மில்லிகிராம் வீதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். அது அதே ஏற்பியில் இன்னும் இறுக்கமாக ஒட்டி மார்ஃபினை வெளியே தள்ளும். மொத்தமாக ஏற்றினால் அடங்கியிருந்த வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பிவிடும். மூன்றாவது தவணைக்குப் பிறகு மூச்சு 12 ஆனது. ஆனால் நாலாக்சோன் ஒரு மணி நேரம் போல்தான் நிற்கும், மார்ஃபின் அதைவிட நீண்ட நேரம் இருக்கும். அதனால் விடியும்வரை சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தோம்.

எழுப்பிப் பார்ப்பதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். மூச்சு குறைவதற்கு முன்பே பெரும்பாலும் அசதி கூடிவிடும். கூப்பிட்டால் விழித்துத் தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்பதுதான் முதல் தடயம். தூக்க மாத்திரை அந்தத் தடயத்தை மறைத்துவிடும், மூச்சையும் தன் பங்குக்கு அடக்கும். அப்புறம், அம்மா குறட்டை விடுபவரா? நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா? அப்படியானால் அடுத்த அறுவை சிகிச்சைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மார்ஃபினைக் குறைப்பதா, வேண்டாமென்றே விடுவதா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.