அட்டவணையை வாசித்துக் காட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பினாங்கு, ஜெலுத்தோங் வட்டாரத்தில் உள்ள ஒரு மரண சகாய சங்கத்துக்கு நான் செயலாளர். உறுப்பினர்கள் 180 பேர். மாதச் சந்தா 10 ரிங்கிட். உறுப்பினர் வீட்டில் மரணம் நேர்ந்தால் 2,000 ரிங்கிட் கொடுக்கிறோம். அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். பொருளாளர் பன்னிரண்டு மாதக் கணக்கை ஏழு நெடுவரிசைகளில் அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார், இணைத்திருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். கட்டம் போட்ட தாளைக் கண்டாலே மடித்து விசிறிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். "ஜனவரியில் 171 பேர், 1,710 ரிங்கிட், பிப்ரவரியில் 168 பேர், 1,680 ரிங்கிட்" என்று உரைநடையாக எழுதிப் பார்த்தேன். எனக்கே அலுப்பாக இருக்கிறது. சுருக்கினால் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து வீடு வீடாக வசூலிப்பதை நிறுத்தி, வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னோம். அக்டோபரில் வசூல் மிகவும் குறைந்தது. அதற்குத் தீபாவளிச் செலவுதான் காரணம் என்று எழுதலாமா?

வாசகர், ஜெலுத்தோங்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அட்டவணையைப் பென்சிலோடு இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதிப் பார்த்த வாக்கியங்களில் கோடுகள் மட்டும்தான் அழிந்திருக்கின்றன. அட்டவணை அப்படியே இருக்கிறது. கட்டத்துக்குள் இருந்தபோதாவது கண் மேலும் கீழும் ஓடி ஒப்பிட்டுப் பார்க்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வரிகளை வாக்கியங்களாக மாற்றுவதை விட்டுவிட்டு, மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூத்த உறுப்பினர் எதைக் கேட்பார் என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் பணம் இருக்கிறதா? இறந்தவர் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? இனி என் வீட்டுக்கும் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத எந்த எண்ணும் பத்திக்குள் வர வேண்டியதில்லை.

முதலில் நெடுவரிசைகளைக் குறைத்துவிடலாம். சந்தா வரவு என்பது செலுத்தியவர் எண்ணிக்கையின் பத்து மடங்கு. உதவித்தொகை என்பது மரணங்களின் எண்ணிக்கையை 2,000-ஆல் பெருக்கியது. இரண்டு ஜோடிகளிலும் ஒன்றைச் சொன்னால் மற்றது தானே வந்துவிடும். பிற செலவு ஆண்டு முழுவதற்கும் 1,560 ரிங்கிட். எந்த மாதத்திலும் திடுக்கென்று ஏறவில்லை. அதைத் தனியாகச் சொல்லாமல் மொத்தச் செலவில் சேர்த்துவிடலாம்.

பிறகு வரிகள். செலுத்தியவர்கள் என்ற வரிசையில் விரலை வைத்துக் கீழே இறங்கினால், ஜனவரியின் 171 முதல் ஜூலையின் 164 வரை ஏழு மாதங்களும் ஒரே சாயலில் இருக்கின்றன, சராசரி 167. ஏழு வரிகளும் ஒரே வாக்கியமாகிவிடும். ஆகஸ்டில் 150, செப்டம்பரில் 148, அக்டோபரில் 112, நவம்பரில் 131, டிசம்பரில் 127. இவை இன்னொரு கூட்டம். சராசரி ஏறத்தாழ 134. அதாவது 180 பேரில் 46 பேர் செலுத்தவில்லை. "74 விழுக்காடு வசூல்" என்பதைவிட "நான்கில் ஒருவர் செலுத்தவில்லை" என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் எட்டும். பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

இங்கேதான் உங்கள் தீபாவளிக் கேள்வி வருகிறது. வேண்டாம், அப்படி எழுதாதீர்கள். தீபாவளிச் செலவுதான் காரணம் என்றால் அக்டோபரில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்து, நவம்பரில் எண்ணிக்கை மீண்டும் 165 பக்கம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, அதோடு சரிவு ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. அக்டோபரின் கூடுதல் பள்ளத்துக்கு வேண்டுமானால் பண்டிகை ஒரு காரணமாக இருக்கலாம், முழுச் சரிவுக்கும் அல்ல. அதே நேரத்தில், வீட்டு வசூலை நிறுத்தியதால்தான் குறைந்தது என்றும் அட்டவணை சொல்லவில்லை. எப்போது குறைந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எனவே இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வையுங்கள்; நடுவில் "அதனால்" போடாமல் "அந்த மாதத்திலிருந்து" என்று எழுதுங்கள். ஏன் என்பதை உறுப்பினர்களே எழுந்து சொல்வார்கள். வங்கிச் செயலியைப் பயன்படுத்தத் தெரியாதவர் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியவரும்.

எழுதுவதற்கு முன் பொருளாளரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் வரவு சரியாகப் பத்து மடங்காகவே இருக்கிறது. யாராவது விட்டுப்போன இரண்டு மாதச் சந்தாவைச் சேர்த்துக் கட்டியிருந்தால், கட்டிய மாதத்தில் இந்தக் கணக்கு பிசகியிருக்கும். ஆகவே, ஒன்று யாருமே பாக்கியைக் கட்டவில்லை. அல்லது பொருளாளர் தாமதமாக வந்த பணத்தை உரிய பழைய மாதத்தில் ஏற்றுகிறார். இரண்டாவது என்றால், கடைசி மாதங்கள் எந்த ஆண்டிலும் சற்றுக் குறைவாகவே தெரியும், ஏனென்றால் தாமதக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அப்போது "நான்கில் ஒருவர்" என்பதோடு "இன்றுவரை" என்ற ஒரு சொல்லையும் சேர்த்தாக வேண்டும்.

மரணங்களுக்குச் சராசரி போடாதீர்கள். ஒன்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு முக்கால் மரணம் என்று வரும். அந்த ஒன்பது வீட்டாரும் மண்டபத்தில் இருப்பார்கள். தவிர, சராசரி போட்டால் செப்டம்பர் காணாமல் போகும். அந்த ஒரே மாதத்தில் மூன்று மரணங்கள். வந்தது 1,480 ரிங்கிட், கொடுத்தது 6,000 ரிங்கிட். சங்கம் எதற்காகக் கையிருப்பு வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக உங்கள் அட்டவணையில் வேறெந்த வரியும் காட்டவில்லை. எவ்வளவு சுருக்கினாலும் அதற்குத் தனி வாக்கியம் உண்டு.

இனி முழு எண்ணாக்குவது. ஆள் எண்ணிக்கையை "ஏறத்தாழ" என்று சொல்லலாம்; பணத்தைச் சொல்லக்கூடாது. உங்கள் கணக்கில் தொடக்க இருப்பு 14,310, வரவு 18,400, செலவு 19,560, இறுதி இருப்பு 13,150. காதுக்கு எளிதாகட்டும் என்று இவற்றை நூறுகளுக்கு முழுமையாக்கினால் 14,300, 18,400, 19,600, 13,200 என்று வரும். முன்வரிசையில் ஒருவர் மனக்கணக்குப் போட்டால் அவருக்கு 13,100-தான் கிடைக்கும். நூறு ரிங்கிட் எங்கே என்று கேட்பார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் அறிக்கையில் நான் இதே தவற்றைச் செய்தேன். அதை விளக்கி முடிப்பதற்குள் கூட்டத்தின் பாதி நேரம் போய்விட்டது. பொருளாளர் நேர்மையானவர், அவர் முகம் அன்று வாடியதை நான் மறக்கவில்லை. ஒன்றோடொன்று கூட்டிப் பார்க்கக்கூடிய தொகைகளை ரிங்கிட் பிசகாமல் சொல்லுங்கள்.

வாக்கிய அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. "தொடக்கத்தில் 14,310 ஆக இருந்த இருப்பு, 18,400 வரவும் 19,560 செலவும் போக, 13,150 ஆகக் குறைந்துள்ளது" என்று வாசித்தால், குறைந்ததா கூடியதா என்று தெரியாமலேயே கேட்பவர் நான்கு எண்களைச் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே தீர்ப்பை முதலில் ஒரு குறுவாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்; எண்கள் பின்னால் வரட்டும், ஒரு வாக்கியத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். இன்னொன்று: தாளில் ரிங்கிட் என்றே இருந்தாலும், நம் மூத்தவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். வாசிக்கும்போது வெள்ளி என்றே வாசியுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நம் சங்கத்தில் பணம் இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் 14,310 வெள்ளி இருந்தது. சந்தாவாக 18,400 வெள்ளி வந்தது. 19,560 வெள்ளி செலவானது. இப்போது கையில் 13,150 வெள்ளி இருக்கிறது. இந்த ஆண்டு நம்மில் ஒன்பது குடும்பங்கள் ஒருவரை இழந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2,000 வெள்ளி முழுமையாகக் கொடுத்தோம். செப்டம்பரில் மட்டும் மூன்று மரணங்கள். அந்த மாதம் வந்த சந்தா 1,480 வெள்ளி, கொடுத்தது 6,000 வெள்ளி. சேமிப்பு இருந்ததால் கொடுக்க முடிந்தது. ஜூலை வரை 180 பேரில் ஏறத்தாழ 167 பேர் மாதந்தோறும் சந்தா செலுத்தினார்கள். ஆகஸ்டில் வீட்டுக்கு வந்து வசூலிப்பதை நிறுத்தினோம். அந்த மாதத்திலிருந்து சராசரியாக நான்கில் ஒருவர் செலுத்தவில்லை. இது இப்படியே நீடித்து, ஆண்டுக்கு ஒன்பது மரணங்கள் நேர்ந்தால், கையிருப்பு நான்கு ஆண்டுகள் தாங்காது."

கடைசி வாக்கியத்தின் கணக்கையும் பொருளாளரிடம் காட்டிவிடுங்கள். மாதம் 134 பேர் என்றால் ஆண்டு வரவு 16,080. செலவு இதே 19,560 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 பற்றாக்குறை. 13,150-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். இந்த எண் அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இல்லை, நாமே கணக்கிட்டது. அதனால்தான் "நீடித்து", "நேர்ந்தால்" என்ற நிபந்தனைகள் அதில் இருக்கின்றன. அவற்றை வெட்டினால் அது ஜோசியமாகிவிடும்.

எழுதி முடித்தபின் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பத்தியில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அது எந்தக் கட்டத்திலிருந்து வந்தது, அல்லது எவற்றைக் கூட்டி வந்தது என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். குறிக்க முடியாத எண்ணை எடுத்துவிடுங்கள். அடுத்து, அட்டவணையைப் பார்த்திராத ஒருவருக்கு, வீட்டில் உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ, ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். "பணம் குறைகிறது, ஆகஸ்டுக்குப் பிறகு நிறையப் பேர் கட்டவில்லை" என்று சொன்னால் போதும். "செப்டம்பரில் பணத்தை யாரோ எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டால், அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.

மறைக்கிறீர்கள் என்ற சந்தேகம் வராதிருக்க, முழு அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். வாசித்து முடித்ததும், "இது முழுவதும் சுவரில் இருக்கிறது" என்று கையால் காட்டுங்கள். எப்படியும் அது உங்களுக்குத் தேவை. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் கணக்கு விவரங்கள் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். அங்கே இந்தப் பத்தி செல்லாது.

யார் யாருக்கு எத்தனை மாத நிலுவை என்ற பட்டியலை மட்டும் உரைநடையாக்க முயலாதீர்கள். அது தன் பெயரைத் தேடிப் பார்ப்பதற்கான தாள். அதற்குக் கட்டம்தான் சரி. அதைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். பொருளாளர் மேசையில் இருக்கட்டும். தேநீர் நேரத்தில் ஒவ்வொருவராக வந்து தங்கள் வரியைப் பார்த்துக்கொள்ளட்டும்.